முழங்கால் வலிக்கு இடுப்புப் படம்

13 வயதுப் பையன், கொஞ்சம் பருமன். சில வாரங்களாக முழங்கால் வலி, லேசான நொண்டல். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் படுக்கவைத்துத் தொடையை மடக்கினால் கால் தானாக வெளிப்பக்கம் திரும்புகிறது. கோளாறு இடுப்பில்.

தொடையெலும்பின் கழுத்துக்கும் அதன் உச்சியிலுள்ள பந்துக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது நழுவினால் பந்து பின்னோக்கிச் சரியும். இடுப்பின் நேர்ப்படத்தில், கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுக்க வேண்டும். 'கிளைன் கோடு' எனப்படும் அது, சாதாரணமாகப் பந்தின் ஓரத்தை வெட்டிச் செல்லும். இந்தப் பையனின் இடது இடுப்பில் வெட்டுகிறது. வலதில் தொடவே இல்லை.

தொடக்கநிலை நழுவலில் கோடு இரு பக்கமும் வெட்டி ஏமாற்றலாம். வெட்டுப்படும் அளவு ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் குறைந்தாலே சந்தேகம்தான். சரிவு பின்பக்கம் என்பதால் தொடைகளை அகட்டி எடுக்கும் 'தவளைக்கால்' படத்தில் அது தெளிவாகத் தெரியும். காலூன்றவே முடியாத பிள்ளையை மட்டும் அப்படி அகட்டக் கூடாது, நழுவல் கூடிவிடும்.

உறுதியானதும் பையனை நடக்கவிடாமல், திருகாணி பொருத்தும் அறுவைக்கு அனுப்புகிறார்கள்.