மைஸெல்ப்பும் ஹூமும்

குமரி மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் உத்தியோகத்திற்குப் போகும் நம் வாலிபர்கள் இங்கிலீஷில் பின்வாங்குகிறவர்கள் அல்லர். டெலிபோனை எடுத்தால் தங்குதடையின்றிப் பேசுகிறார்கள். ஆனால் வியாபார சம்பந்தமாக மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால், மூன்று சிறு சொற்கள் அவர்கள் காலை வாரிவிடுகின்றன. என் பழைய மாணவன் ஒருவன் ரப்பர் வியாபாரக் கம்பெனியொன்றில் இருக்கிறான். அவன் எழுதிய கடிதத்தில் மேலதிகாரி மூன்று இடங்களில் கோடு கிழித்து, காரணம் ஒன்றும் சொல்லாமல் திருப்பிவிட்டாராம். "ஸார், இதில் என்ன தப்பு?" என்று கேட்டு அதை எனக்கு அனுப்பியிருந்தான்.

கடிதத்தின் தொடக்கமே 'மைஸெல்ப் வேலாயுதன்' என்றிருந்தது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நானே வேலாயுதன்!' தெருக்கூத்தில் ராஜா திரையை விலக்கிக்கொண்டு வந்து முழங்குவதுபோல் இருக்கிறதல்லவா? மைஸெல்ப் என்பது நம் 'நானே', 'என்னையே' என்பவற்றிலுள்ள ஏகாரத்தைப் போன்றது. வெறும் 'நான்' வரவேண்டிய இடத்தில் அதற்கு வேலையில்லை. 'ஐ ஆம் வேலாயுதன்' என்றால் போதும்.

அடுத்த வரி, 'மாதிரிகளை மிஸ்டர் தாமஸ் அண்ட் மைஸெல்ப்புக்கு அனுப்புக' என்ற பொருளில் அமைந்திருந்தது. இந்தப் பிழைக்கு வாத்தியார்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. 'ராமு அண்ட் மீ வெண்ட்' என்று பையன் எழுதினால் திருத்துகிறோம். அவனோ மீ என்ற சொல்லே மரியாதைக் குறைவானது என்று முடிவு கட்டிவிடுகிறான். தாமஸை எடுத்துவிட்டுப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். 'எனக்கு அனுப்புக' என்று நிற்கிறது; ஆகவே மீ. இன்னொரு காரணமும் உண்டு. மைஸெல்ப் வரவேண்டுமானால் அதே வாக்கியத்தில் 'ஐ' முன்பே இருக்கவேண்டும். 'அனுப்புக' என்பதற்கு எழுவாய் 'நீங்கள்'. அங்கே 'நான்' எங்கே இருக்கிறது? 'ஐ செக்ட் தி ஷீட்ஸ் மைஸெல்ப்', அதாவது 'நானே பார்வையிட்டேன்' என்பது மிகச் சரி.

மேலதிகாரியின் இரண்டாவது கோடு ஹூம் மேல் விழுந்திருந்தது. 'தி கிளார்க் ஹூம் ஐ பிலீவ் இஸ் இன் சார்ஜ்' என்று எழுதியிருந்தான். 'பொறுப்பில் இருக்கிறார் என்று நான் நம்பும் குமாஸ்தா' என்று நாம் பெயரெச்சத்தாலேயே சொல்லிவிடுகிறோம். ஹூவுக்கோ ஹூமுக்கோ ஈடான சொல் அதில் இல்லை. அதனாலேயே வேற்றுமை கண்ணில் படுவதில்லை. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்: 'அவர் பொறுப்பில் இருக்கிறார், நான் நம்புகிறேன்.' 'அவர்' எழுவாய், ஆகவே ஹூ. 'நான் அவரைச் சந்தித்தேன்' என்று ஐகார உருபு வந்தால் ஹூம். 'ஐ பிலீவ்' இடையில் நுழைந்து ஏமாற்றுவது புதிதல்ல. ஷேக்ஸ்பியரின் ஜான் மன்னன் நாடகத்திலும் இதே இடத்தில் ஹூம் நிற்கிறது.

ஆனால் நம் உருபுகளை முற்றும் நம்பிவிடவும் கூடாது. 'விலை தெரிந்த குமாஸ்தா' என்பதை உடைத்தால் 'அவருக்கு விலை தெரியும்' என்று வரும். குவ்வுருபைக் கண்டு ஹூம் போட்டால் தவறு. இங்கிலீஷில் 'ஹீ நோஸ்' என்றுதான் சொல்வார்கள். தெரியும், வேண்டும், பிடிக்கும் என்னும் சொற்கள் வரும்போதெல்லாம் இந்தக் கண்ணி இருக்கிறது. அங்கே இங்கிலீஷிலேயே ஹீ, ஹிம் இரண்டையும் வைத்துப் பார்ப்பது உத்தமம். ஹிம் பொருந்தினால்தான் ஹூம்.

மூன்றாவது கோடு, 'தி மானேஜர் ஹூஸ் லுக்கிங் ஆப்டர் எக்ஸ்போர்ட்' என்ற இடத்தில். ஹூஸ் என்றால் 'எவருடைய'. 'எவருடைய கவனிக்கிறார்' என்று எவரேனும் சொல்வார்களா? 'ஹூ இஸ்' என்பதைச் சுருக்கி, மேலே ஒரு குறியிட்டு எழுதுவது வேறு சொல். காதுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. பேசிப் பழகியவர்களே இதில் அதிகம் வழுக்குகிறார்கள். அதே கடிதத்தில் 'ஓரம் கிழிந்த ஷீட்டுகள்' என்பதற்கு 'ஷீட்ஸ் ஹூஸ் எட்ஜஸ்' என்று எழுதியிருந்தான். அஃறிணைக்கு ஹூஸ் ஆகாது என்று சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாமென்று பௌலர் 1926-ல் வெளியிட்ட தமது பிரயோக அகராதியிலேயே சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை மேலதிகாரியும் கோடு கிழிக்காமல் விட்டிருந்தார்.

பையன் திருத்தி எழுதிவிட்டு மறுபடியும் கேட்டான்: "சந்தேகம் வந்தால் எதைப் போடட்டும், ஸார்?" ஹூவைப் போடு என்றேன். ஹூம் வரவேண்டிய இடத்தில் ஹூ வந்தால் இங்கிலீஷ்காரர்களே பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர்கள் பேச்சில் ஹூம் அருகிவிட்டது. ஹூ வரவேண்டிய இடத்தில் ஹூம் வந்தால்தான் உறுத்தும். டு, வித், பிராம் முதலிய சொற்களுக்கு நேர் பின்னால் மட்டும் ஹூம் வந்தே தீரவேண்டும். சர்டிபிகேட்டுகளின் தலைப்பில் நாம் எழுதும் 'டு ஹூம் இட் மே கன்ஸர்ன்' அந்த வகை. அதை அவன் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை.