விலகும் பங்குதாரரும் நிறுவனத்தின் டொமைனும்

திருப்பூரில் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பின்னலாடை நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல வருடம் ஒன்றாகத் தொழில் செய்தவர்களில் ஒருவர் விலகுகிறார். ஆடிட்டர் கணக்கு முடித்துக் கொடுக்கிறார். தையல் மெஷின், கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, கட்டட முன்பணம் எல்லாம் விலகல் பத்திரத்தில் ஏறுகின்றன. இணையதளம் ஏறவில்லை, அதை ஒரு சொத்து என்று யாரும் நினைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலை தளம் திறக்கவில்லை. அதைவிட மோசம், வெளிநாட்டு பையரின் மெயில்களும் வரவில்லை. டொமைன் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் விலகிப் போனவரின் சொந்த மெயிலுக்குப் போயிருக்கின்றன. அவர்தான் அந்தக் காலத்தில் தன் கிரெடிட் கார்டில் அதை வாங்கினார்.

இணையதளத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. படமும் எழுத்தும் கொண்ட தளம், அது தங்கியிருக்கும் ஹோஸ்டிங், இரண்டுக்கும் முகவரியான டொமைன். தளத்தைத் திரும்பக் கட்டிவிடலாம், ஹோஸ்டிங்கை வேறு இடத்தில் வாங்கலாம். டொமைன் அப்படியில்லை. நிறுவனத்தின் பெயரும், விசிட்டிங் கார்டில் அச்சிட்ட மெயில் ஐடியும் அதில்தான் நிற்கின்றன. அதை ரிஜிஸ்ட்ரார் என்னும் பதிவு நிறுவனத்திடம் ஆண்டுக் கட்டணம் கட்டி நம் பெயரில் வைத்திருக்கிறோம்.

யார் பெயரில் என்பதுதான் சிக்கல். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, நிறுவனப் பணத்தில் வாங்கியது, வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாதவரை, நிறுவனச் சொத்து. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விலகியவர் போட்டித் தொழில் செய்யலாம், ஆனால் பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது 36-ஆம் பிரிவு. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் ரிஜிஸ்ட்ரார் இதையெல்லாம் விசாரிப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த சொந்தக்காரர், பதிவேட்டில் பெயரும் மெயிலும் உள்ளவர்தான். அந்த மெயிலைத் திறக்க முடிந்தவர் டொமைனை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஆகவே பத்திரத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே பார்க்கவேண்டும். lookup.icann.org என்ற முகவரியில் டொமைனைத் தட்டினால் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று தெரியும். சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள அந்த ரிஜிஸ்ட்ராரின் கணக்கில் உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும். யாரிடம் லாகின் இருக்கிறது என்று கேட்ட கையோடு உண்மை வெளிவந்துவிடும். சில இடங்களில் அது பங்குதாரரிடம்கூட இருக்காது. தளம் செய்து கொடுத்த வெப் டிசைனர் தன் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்திருப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார், வேலை சுலபம் என்று செய்திருப்பார். ஆனாலும் பதிவேட்டில் அவர்தான் உரிமையாளர்.

கைமாற்றுவதற்கு எளிய வழி, தொடரும் பங்குதாரர் அதே ரிஜிஸ்ட்ராரிடம் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்குவதுதான். விலகுபவர் தன் கணக்கிலிருந்து டொமைனை அங்கே தள்ளிவிடலாம். சில நிமிட வேலை. தளமும் மெயிலும் பொதுவாக நிற்காது. ரிஜிஸ்ட்ராரையே மாற்ற நினைத்தால் வரிசையைக் கவனியுங்கள். டாட் காம் போன்றவற்றில் சொந்தக்காரரின் பெயரையோ மெயிலையோ மாற்றினால் 60 நாள் வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போகமுடியாதபடி பூட்டு விழக்கூடும். அதனால் முதலில் இடம் மாற்றம், அப்புறம் பெயர் மாற்றம். இடம் மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தேவை. டொமைனின் நிலையில் clientTransferProhibited என்று இருந்தால் அந்தப் பூட்டையும் விலகுபவர்தான் கணக்கிலிருந்து திறந்துவிடவேண்டும். எந்த வழியானாலும், ஓடிபி போகும் ஃபோன் எண் மாறியிருக்கிறதா என்று கடைசியில் சோதியுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பழைய பங்குதாரரின் எண்ணை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

புதுக் கணக்கு தொடங்கும்போது டொமைனின் மெயில் ஐடியையே அதற்குக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், மீட்கிற வழியும் அடைபட்டுப் போகும். வெளியில் உள்ள, இரண்டு பேருக்காவது தெரிந்த ஒரு ஐடி வேண்டும்.

பத்திரத்தில் இரண்டு வரி போதும்: “நிறுவனத்தின் டொமைன் பெயரும், அதன் ரிஜிஸ்ட்ரார் கணக்கும், அதிலுள்ள மெயில் கணக்குகளும் நிறுவனச் சொத்து. விலகும் பங்குதாரர் இறுதித் தொகையைப் பெறும் நாளுக்குள் இவற்றை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்.” பணமும் டொமைனும் ஒரே நாளில் கைமாறினால் சண்டைக்கு இடமில்லை.

இப்படி எழுதாமல் விட்டு, விலகியவர் தரமறுத்தால்? டொமைன் தகராறுகளுக்கென்று சர்வதேச நடுவர் முறை ஒன்று 1999 முதல் இருக்கிறது. ஆனால் பங்குதாரர் சண்டையில் அது பெரும்பாலும் உதவாது. எதிராளி டொமைனைப் பதிவு செய்தபோதே கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று அங்கே நிரூபிக்கவேண்டும். உங்கள் பங்குதாரரோ நிறுவனத்துக்காக நல்ல எண்ணத்தில்தான் பதிவு செய்தார். மனஸ்தாபம் பிறகு வந்தது. நடுவர்கள் இத்தகைய வழக்குகளை ‘இது ஒப்பந்தத் தகராறு, நீதிமன்றம் போங்கள்’ என்று திருப்பிவிடுவது வழக்கம். அங்கே தேவைப்படுவது யார் பணம் கட்டியது என்பதற்கான ரசீது. பழைய புதுப்பிப்பு பில்களை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

நிறுவனத்தையே மூடுகிறவர்களிடம் நான் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது, டொமைனை உடனே விட்டுவிடாதீர்கள் என்பதுதான். டாட் காம் காலாவதியான பின் சில வாரம் ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கும், பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் 5 நாளில் அழிந்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகும். மீட்புக் காலத்தில் திரும்பப் பெற வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். அதையும் முழுதாக நம்பமுடியாது. பல ரிஜிஸ்ட்ரார்கள் காலாவதியான பெயர்களை அதற்கு முன்பே ஏலம் விட்டுவிடுகிறார்கள்.

வாங்குகிறவர் அதில் சூதாட்டத் தளம் நடத்தலாம், உங்கள் பெயரில் போலிக் கடை போடலாம். இன்னும் ஆபத்தானது மெயில். அந்த டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி அவர் வைத்துவிட்டால் பழைய வாடிக்கையாளரின் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி அறிவிப்பு எல்லாம் அவர் கைக்குப் போகும். ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று அழுத்தி, அந்த ஐடியில் தொடங்கிய உங்கள் பிற கணக்குகளையும் திறக்கப் பார்ப்பார்.

அதனால் மூடும்போது முதல் வேலை தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்தி, நிறுவனம் எந்தத் தேதியில் மூடப்பட்டது, பாக்கி விஷயத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று ஒரே பக்கத்தில் அறிவிப்பு வைப்பது. ஆன்லைனில் விற்றவர்கள் ஆர்டர், பில் விவரங்களை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. ஹோஸ்டிங்கை நிறுத்தியபின் அவை கிடைக்காது. அதன்பிறகு ஹோஸ்டிங்கை விட்டுவிடலாம். டொமைனையும் மெயிலையும் மட்டும் சில வருடம் வைத்திருங்கள்.

வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி, மின்வாரியம் என்று ஒவ்வொன்றிலும் மெயில் ஐடியை மாற்றுங்கள். எதையாவது மறந்திருப்போம் என்பதால், எல்லா மெயிலும் ஒரே பெட்டியில் விழும் வசதியை நீங்களே போட்டு ஒரு வருடம் பாருங்கள். மறந்துபோன இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எப்போதோ தொடங்கிய விளம்பரக் கணக்கும் அதில் எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றாக மாற்றி, விளம்பர மெயிலைத் தவிர வேறெதுவும் வராத நிலை வந்தபின் புதுப்பிக்காமல் விடலாமா என்று யோசியுங்கள். நோயாளி விவரமோ கட்சிக்காரர் வழக்குத் தாளோ வரக்கூடிய மருத்துவமனை, வக்கீல் அலுவலகம் என்றால் என் கருத்தில் விடவே வேண்டாம்.