எச்.ஐ.வி. பரிசோதனையில் சாளரக் காலம்

எச்.ஐ.வி. வைரஸ் ஒருவரின் உடலில் நுழைந்த நாளுக்கும், இரத்தப் பரிசோதனையில் அந்தத் தொற்று முதன்முதலாகத் தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் சாளரக் காலம் எனப்படும். இந்த இடைவெளியில் பரிசோதனை செய்துகொண்டால், தொற்று இருந்தாலும் 'இல்லை' என்றே முடிவு வரும். இதைப் பொய் எதிர்மறை முடிவு என்பர். இது கருவியின் பழுதாலோ ஆய்வகத்தின் கவனக்குறைவாலோ வருவதன்று. பரிசோதனை எதைத் தேடுகிறதோ அது இரத்தத்தில் இன்னும் உருவாகவில்லை என்பதே காரணம்.

சங்ககிரியில் இதன் தேவை

சேலம் மாவட்டத்தின் சங்ககிரியும், அதை ஒட்டிய திருச்செங்கோடு, நாமக்கல் பகுதிகளும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இப்பகுதி ஓட்டுநர்களும் உதவியாளர்களும் சரக்கு ஏற்றிக்கொண்டு வடமாநிலங்கள் வரை சென்று, பல வாரம் கழித்தே வீடு திரும்புவது வழக்கம். நாமக்கல் மாவட்டம் எச்.ஐ.வி. தொற்று அதிகம் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக இருந்ததால், நெடுஞ்சாலை ஓட்டுநர்களிடையே விழிப்புணர்வுப் பணி நெடுங்காலம் நடந்தது. அதன் பயனாகப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கம் பரவியது. ஆனால் ஓட்டுநர் ஊரில் இருப்பது சில நாள்களே. அந்தச் சில நாள்களுக்குள் பரிசோதனையை முடித்துவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பும்போதுதான், சாளரக் காலத்தில் எடுத்த முடிவை இறுதி முடிவாகக் கொள்ளும் பிழை நேர்கிறது.

பரிசோதனை எதைத் தேடுகிறது?

வழக்கமான எச்.ஐ.வி. பரிசோதனைகள் வைரஸை நேரடியாகத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் தெரியவந்தது. அப்போது வேலூரில் சோதிக்கப்பட்ட இரத்த மாதிரிகளிலும் எதிர்ப்பொருளே கண்டறியப்பட்டது.

வைரஸ் நுழைந்தவுடன் எதிர்ப்பொருள் தோன்றிவிடாது. முதல் பத்து நாள் அளவுக்கு வைரஸ் திசுக்களில் பெருகிக்கொண்டிருக்கும். அப்போது எந்தப் பரிசோதனையாலும் அதைக் காண இயலாது. அதன்பின் இரத்தத்தில் முதலில் வைரஸின் மரபுப்பொருளும், அடுத்து பி24 என்னும் வைரஸ் புரதமும், கடைசியாக எதிர்ப்பொருளும் தென்படும். எதிர்ப்பொருள் சிலருக்கு மூன்று, நான்கு வாரத்தில் வந்துவிடும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் சாளரக் காலம் வேறுபடும்:

- வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை: 10 முதல் 33 நாள்.
- பி24 புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்து, நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் தேடும் ஆய்வகச் சோதனை: 18 முதல் 45 நாள்.
- எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனை: 23 முதல் 90 நாள். விரைவுச் சோதனைகளில் பெரும்பாலானவை இவ்வகையின.

முதல் எண், தொற்று சிலருக்குத் தெரியத் தொடங்கும் நாள். இரண்டாம் எண், ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிந்துவிடும் நாள். இறுதி முடிவுக்கு இரண்டாம் எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

விரைவுச் சோதனை அட்டையில் கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று இருக்கும். அது தோன்றினால் அட்டை சரியாக வேலை செய்தது என்று பொருள். பரிசோதனைக்கு உரிய காலம் வந்துவிட்டதா என்பதை அந்தக் கோடு சொல்லாது.

ஒரு கணக்கு

ஓர் ஓட்டுநர் மார்ச் 1 அன்று ஆணுறை இன்றி உறவு கொண்டார் என்றும், அதில் அவருக்குத் தொற்று ஏற்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஊர் திரும்பி மார்ச் 10 அன்று பரிசோதனை செய்கிறார். அது ஒன்பதாம் நாள். முடிவு 'இல்லை' என்றே வரும். அந்த முடிவு மார்ச் 1 நிகழ்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஏற்பட்ட தொற்று எதுவும் இல்லை என்பதை மட்டுமே காட்டுகிறது.

மார்ச் 20ஐ ஒட்டி அவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு வரலாம். எதுவுமே வராமலும் போகலாம். இரத்தத்தில் வைரஸின் அளவு மிக அதிகமாக இருப்பது இந்த வாரங்களில்தான். ஆகவே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் இப்போதுதான் அதிகம். கையில் 'இல்லை' என்ற சீட்டு இருப்பதை நம்பி அவர் ஆணுறையைத் தவிர்த்தால், தொற்று மனைவிக்குப் போய்ச் சேரக்கூடும்.

மீண்டும் எப்போது சோதிப்பது? பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனை என்றால், 45ஆம் நாளான ஏப்ரல் 15க்குப் பின் செய்யலாம். விரைவுச் சோதனை என்றால் 90ஆம் நாளான மே 30க்குப் பின் செய்ய வேண்டும். எந்த வகைச் சோதனை என்று தெரியாவிட்டால் 90 நாளையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. இதற்கிடையே ஏப்ரல் 20 அன்று இன்னொரு முறை அதே ஆபத்து நேர்ந்தால், கணக்கு அந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். இறுதிப் பரிசோதனை ஜூலை 19க்குப் பின்னரே.

கணக்கு மாறும் இடங்கள்

ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுகினால், தேவைக்கேற்ப 28 நாள் தடுப்பு மருந்து தரப்படும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆகவே சாளரக் காலம் முடியட்டும் என்று இதற்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்து உட்கொண்டவர்களுக்கு எதிர்ப்பொருள் தோன்றுவது தாமதமாகலாம் என்பதால், மறு பரிசோதனை நாள்களை மருத்துவரே குறித்துத் தருவார்.

முதல் நாளிலேயே செய்யும் பரிசோதனையும் வீண் அன்று. ஏற்கெனவே தொற்று இருந்ததா என்பதை அது காட்டும். அதைக் கொண்டு மறு பரிசோதனை திட்டமிடப்படும்.

இரத்த தானத்திலும் இதே சிக்கல் உண்டு. இரத்த வங்கிகள் தானமாகப் பெறும் இரத்தத்தைப் பரிசோதித்தே வழங்குகின்றன. ஆனால் சாளரக் காலத்தில் எடுத்த இரத்தம் அந்தப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும். எனவே ஆபத்து நேர்ந்தவர், பரிசோதனை செய்து பார்க்கும் நோக்கில் இரத்த தானம் செய்யக் கூடாது.

மறு பரிசோதனைக்கு எங்கே செல்வது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆபத்து நேர்ந்த தேதியை அங்குள்ள ஆலோசகரிடம் சரியாகச் சொன்னால்தான் மறு பரிசோதனை நாளை அவரால் கணிக்க முடியும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பரிசோதனை முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. 1097 என்ற இலவச உதவி எண்ணிலும் விளக்கம் பெறலாம்.

முதல் சோதனையில் 'உண்டு' என்று வந்தால், அது ஒன்றைக் கொண்டே முடிவு சொல்வதில்லை. வேறு வகைக் கருவிகளாலும் சோதித்து உறுதி செய்வர். கருவிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், அது தொற்றின் தொடக்கக் கட்டமாகவும் இருக்கலாம். அப்போது குறைந்தது இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வர்.

கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து 90 நாள் கழித்துச் செய்த பரிசோதனையில் 'இல்லை' என்று வந்து, தடுப்பு மருந்தும் உட்கொண்டிருக்காவிட்டால், அதுவே இறுதி முடிவு. பழைய கருவிகள் இருந்த காலத்தில் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அதை நினைத்து அச்சத்தால் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை. அதேபோல் ஒருவரின் 'இல்லை' என்ற முடிவு அவருடைய துணைக்குப் பொருந்தாது; இருவரும் தனித்தனியே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.