விடுபட்ட கேள்விதான் அடுத்த புத்தகம்

அமெரிக்காவில் சமயவியல் துறை உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் ஆய்வு அறிக்கை கேட்கின்றன. 'டென்யூர் டிராக்' எனப்படும் இந்த வேலையில் சேர்ந்தவரை, பொதுவாக ஆறாம் ஆண்டில் பரிசீலித்து நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். ஆய்வுக்கு முதலிடம் தரும் பல்கலைக்கழகங்களில் அதற்குள் முனைவர் பட்ட ஆய்வு புத்தகமாகியிருக்க வேண்டும், அடுத்த ஆய்வும் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் தேர்வுக் குழு, செய்து முடித்ததைவிட இனிச் செய்யப்போவதைத்தான் கூர்ந்து படிக்கிறது.

அறிக்கைகள் தடுமாறுவதும் அங்கேதான். ஒருவர் அருட்பா மருட்பா விவாதத்தை ஆராய்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1867இல் திருவருட்பா அச்சில் வந்தது. திருமுறைகளுக்கு உரிய மதிப்பை வள்ளலார் பாடல்களுக்குத் தரக்கூடாது என்று ஆறுமுக நாவலர் தரப்பு மறுத்தது. இரு தரப்பும் கண்டனப் பிரசுரங்களை அச்சிட்டு மோதிக்கொண்டன. இதை எழுதிவிட்டு, "அடுத்ததாக மலேசியத் தைப்பூசத்தை ஆராய்வேன்" என்று முடித்தால் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. இரண்டும் தமிழ்ச் சமயம் என்பது மட்டும் தொடர்பாகிவிடாது.

பழைய ஆய்வு பதில் சொல்லாமல் விட்ட கேள்வியைத் தேட வேண்டும். இந்த விவாதத்தில் இரு தரப்பும் சைவர்கள். திருமுறைகளின் உயர்வை இரு தரப்பும் மறுக்கவில்லை. ஒரு நூல் புனிதமானதா என்று தீர்ப்பளிக்கும் உரிமை அச்சு வந்தபின் யாரிடம் போனது என்பதே ஆய்வின் கேள்வி. வேதநூல் எது என்பதில் ஐயமே இல்லாத ஒரு சமூகத்தில் இதே கேள்வி என்ன ஆகும்? நபிகள் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடிய உமறுப் புலவரின் சீறாப்புராணமும் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. அதற்குச் சாற்றுகவி தந்தவர்கள் யார், பிழை திருத்தியவர்கள் யார், எந்த அதிகாரத்தில்? இப்படி எழுதினால் இரண்டாவது புத்தகம் முதலாவதன் வயிற்றிலிருந்தே பிறக்கிறது.

குழு இதோடு விடாது. இவரால் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்கும். சைவ நூல்களில் ஊறியவருக்கு அரபுத்தமிழ் எழுத்து படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதை மறைத்தால் நேர்காணலில் மாட்டிக்கொள்வார். எப்போது, எங்கே கற்கப்போகிறார் என்று ஒரு வரி போதும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்போல எங்கே எந்த வகைப் பிரசுரங்களைப் பார்க்கப்போகிறார், முதலில் வரப்போகும் கட்டுரை எது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது புத்தகத்தைப் பற்றிய கனவு வேண்டாம். அந்த இடத்தை இரண்டாவதற்கே கொடுக்கலாம்.

குழுவில் விவிலிய அறிஞர் இருப்பார், பௌத்தம் படித்தவர் இருப்பார். வள்ளலார் யாரென்றே அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். ஆகவே அனுப்புமுன் அறிக்கையை வேறொரு சமயத்தை ஆராயும் நண்பரிடம் கொடுங்கள். இரண்டு ஆய்வுகளுக்கும் என்ன தொடர்பு என்று அவரையே ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறினால், அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.