விலைவாசியோடு வளரும் அசல்

2013 ஜூன் 4 அன்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்காக ஒரு பத்தாண்டுக் கடன் பத்திரத்தை ஏலம் விட்டது. அதில் முடிவான வட்டி ஆண்டுக்கு 1.44 சதவீதம். வங்கி வைப்புநிதிக்கே 8, 9 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்தப் பத்திரத்தை வாங்க ஆள் இருந்தது. பணவீக்கத்தோடு இணைத்த பத்திரம் என்பதால் அந்த 1.44 சதவீதம் விலைவாசி உயர்வு போக, அதற்கு மேல் நிற்கும் வட்டி. இந்த வட்டி எப்படிக் கைக்கு வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால், சாதாரண வைப்புநிதியின் வட்டியைப் பற்றி நமக்கு இருக்கும் எண்ணமே மாறிவிடும்.

முகமதிப்பு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசியை அளக்க இந்தப் பத்திரத்தில் எடுத்துக்கொண்டது மொத்த விலைக் குறியீட்டு எண். பத்திரம் வெளியான நாளுக்குரிய குறியீட்டு எண்ணால் இன்றைய குறியீட்டு எண்ணை வகுத்தால் கிடைப்பது குறியீட்டு விகிதம். அந்த விகிதத்தால் 1 லட்சத்தைப் பெருக்கினால் வருவதுதான் அன்றைய அசல். வட்டியோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 1.44இல் பாதியான 0.72 சதவீதத்தை, அப்படி உயர்ந்து நிற்கும் அசலின் மேல் கணக்கிட்டுத் தருவார்கள்.

கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு ஆறு மாதத்திலும் விலைவாசி 3 சதவீதம் ஏறுவதாகக் கொள்ளலாம். முதல் ஆறு மாத முடிவில் விகிதம் 1.03, அசல் 1,03,000 ரூபாய், அதற்கு 0.72 சதவீத வட்டி 741 ரூபாய் 60 காசு. அடுத்த ஆறு மாதத்தில் அசல் 1,06,090 ரூபாய். வட்டி 763 ரூபாய் 85 காசு. இப்படியே இருபது தவணை போனால் பத்தாம் ஆண்டின் முடிவில் அசல் 1,80,611 ரூபாயாகியிருக்கும். கடைசித் தவணை வட்டி சுமார் 1,300 ரூபாய். அன்றைக்கே அந்த 1,80,611 ரூபாயும் மொத்தமாகத் திரும்ப வரும்.

வட்டி விகிதம் பத்தாண்டும் மாறவில்லை. கைக்கு வரும் ரூபாய்தான் தவணைக்குத் தவணை ஏறியது. 741 ரூபாய் 60 காசை 1.03ஆல் வகுத்துப் பாருங்கள், 720 வரும். கடைசித் தவணையை அன்றைய விகிதமான 1.806ஆல் வகுத்தாலும் அதே 720. அதாவது, பத்திரம் வாங்கிய அன்று 720 ரூபாய்க்கு என்னென்ன கிடைத்ததோ, அதை ஒவ்வொரு தவணையும் வாங்கித் தருகிறது. அசலும் அப்படித்தான். 1,80,611 ரூபாய் என்பது வாங்கிய நாளின் விலையில் அதே 1 லட்சம்தான்.

இதன் பக்கத்தில் 7.5 சதவீத வட்டி தரும் சாதாரண அரசுப் பத்திரம் ஒன்றை வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,750 ரூபாய், பத்தாம் ஆண்டில் 1 லட்சம். நாம் எடுத்துக்கொண்ட விலையேற்றத்தில் இரண்டு பத்திரங்களின் ஆதாயமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பணம் வரும் வழி முற்றிலும் வேறு. முதல் தவணையில் ஒருவருக்கு 3,750, இன்னொருவருக்கு 741. கடைசியில் ஒருவருக்கு 1 லட்சம், இன்னொருவருக்கு 1.8 லட்சம்.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரணப் பத்திரம் தரும் 3,750 ரூபாயில் ஏறக்குறைய 3,000 ரூபாய் வட்டியே அல்ல. அந்த ஆறு மாதத்தில் 1 லட்சம் இழந்த மதிப்புக்கு ஈடு. அதைத் திரும்ப முதலீடு செய்யாமல் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டால், வட்டியைச் செலவழிக்கிறோம் என்று நினைத்தபடியே முதலைக் கரைக்கிறோம். பத்தாண்டு கழித்துத் திரும்பும் 1 லட்சத்துக்கு, வாங்கிய நாளின் விலையில் 55,368 ரூபாய் மதிப்புதான். ஓய்வுபெற்ற பலர் வைப்புநிதி வட்டியை முழுக்கச் செலவழித்துவிட்டு, அசலைத் தொடவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பணவீக்கப் பத்திரம் அந்த ஈட்டுத் தொகையைக் கையில் தராமல் அசலிலேயே சேர்த்துக்கொண்டே போகிறது. அதனால் அசல் காப்பாற்றப்படுகிறது. மாதச் செலவுக்குப் பணம் தேவைப்படுபவருக்கு இந்தப் பத்திரம் போதாமல் போவதும் அதே காரணத்தால்தான். 1 லட்சத்துக்கு ஆறு மாத வருமானம் 741 ரூபாய் என்றால் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்?

வட்டியையும் விலைவாசியோடு இணைப்பது எப்போதும் இருந்த ஏற்பாடு அல்ல. 1997இல் இந்தியா வெளியிட்ட 6 சதவீத மூலதனக் குறியீட்டுப் பத்திரத்தில் அசலுக்கு மட்டுமே பாதுகாப்பு. வட்டியை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தவில்லை. அதனால் தவணை வட்டியின் வாங்கும் சக்தி வருடா வருடம் தேய்ந்தது. அந்தக் குறையைத்தான் 2013ஆம் ஆண்டுப் பத்திரம் சரிசெய்தது.

ஆனால் அதற்கும் ஒரு பெரிய பலவீனம் இருந்தது. எந்த விலைவாசியோடு இணைக்கிறோம் என்ற கேள்வி அது. மொத்த விலைக் குறியீடு உலோகம், எரிபொருள், மூலப்பொருள், ஆலைச் சரக்கு ஆகியவற்றின் விலையைப் பார்ப்பது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு எதுவும் அதில் வராது. 2014இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி 2016இன் தொடக்கம்வரை அங்கேயே கிடந்தது. அதே காலத்தில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. குடும்பச் செலவு ஏறிக்கொண்டிருக்க, பத்திரத்தின் அசலும் அதன் மேல் வரும் வட்டியும் இறங்கின. சொன்ன சொல்லைப் பத்திரம் மீறவில்லை. அது அளந்த விலைவாசியும் வாங்கியவர் வாழ்ந்த விலைவாசியும் வேறு வேறாக இருந்தன. பொதுமக்களுக்கென 2013 டிசம்பரில் வந்த இன்னொரு பத்திரம் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதில் 1.5 சதவீதத்தோடு பணவீக்கத்தையும் கூட்டி வட்டியாகச் சேர்த்துவைத்து, எல்லாவற்றையும் முதிர்வில்தான் தருவார்கள். நடுவில் தவணை வட்டியே கிடையாது.

குறியீட்டு எண் கைக்கு வரும் வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இறுதிப்படுத்திய மொத்த விலைக் குறியீடு வெளியாக நாளாகும் என்பதால், நான்கு மாதத்துக்கு முந்தைய எண்ணையே பயன்படுத்தினார்கள். விலைவாசி சீராக ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது. திடீரென்று பாய்ந்தால், அந்தப் பாய்ச்சல் அசலில் ஏற நான்கு மாதம் ஆகும். முதிர்வுக்கு முந்தைய கடைசி மாதங்களின் விலையேற்றம் கணக்கில் வராமலே போய்விடும்.

விலைவாசி இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். விகிதம் 0.97 என்று ஆனால் அந்தத் தவணை வட்டி 698 ரூபாய் 40 காசு. வட்டிக்குக் கீழ்வரம்பு கிடையாது. முதிர்வு நாளில் மட்டும், உயர்ந்த அசல், முகமதிப்பு இரண்டில் எது அதிகமோ அதைத் தருவார்கள். இந்தப் பாதுகாப்பு காப்பது முகமதிப்பை மட்டும்தான், இடையில் சேர்ந்த உயர்வை அல்ல. நடுவில் சந்தையில் வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும். பேசப்படும் விலை 100 என்றாலும், அன்றைய விகிதம் 1.30 என்றால் அவர் எடுத்துக்கொடுக்கும் பணம் 130. பிறகு குறியீடு சரிந்து விகிதம் 1.20இல் முதிர்ந்தால் அவருக்குத் திரும்புவது 120. முகமதிப்பான 100க்கு மேலேயே இருப்பதால் கீழ்வரம்பு அவருக்கு உதவாது. பத்திரத்தை வெளியீட்டிலேயே 100க்கு வாங்கியவருக்கு அதே 120இல் 20 ஆதாயமாக இருந்திருக்கும்.