பீடிக் கடைப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது?



மாதாந்திர உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், வயதான பெண்களுடையவற்றைப் பிரித்தாலே "தொழில்: பீடி சுற்றுதல்" என்றுதான் இருக்கும். அப்படி ஒரு மனுவோடு வந்த உம்மாவுக்கு வயது அறுபது. கணவர் இல்லை. பதினேழு வயதில் சுளகை மடியில் வைத்தவர். "பென்ஷன் வருகிறதா?" என்று கேட்டேன். "பி.எஃப். பிடித்தார்கள், பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். இவ்வளவு காலம் உழைத்தவருக்கு ஏன் கிடையாது என்று விசாரிக்கப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தின் பாதுகாப்பு எட்டாத வேலைகளை முறைசாராத் துறை என்கிறார்கள். 1972-ல் கென்யாவைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. உலகில் வேலை செய்வோரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய 200 கோடிப் பேர், இப்படித்தான் இருக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. தள்ளுவண்டிக்காரரும் கொத்தனாரும் வெளியே நிற்பது எளிதில் புரிகிறது. அவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. பீடி அப்படியல்ல. பீடித் தொழிலாளருக்கென்றே 1966-ல் தனிச் சட்டம் வந்தது. முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1977-லிருந்து பி.எஃப். இந்தத் தொழிலுக்கும் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவருக்கு அது பொருந்தாது என்று முதலாளிகள் வழக்குக்குப் போனார்கள். பொருந்தும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதல்லவா, வேலையை அவர் மேற்பார்வை செய்கிறார் என்பதற்கு அதுவே போதும் என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணம். கடையில் "கழிவு" என்று எடுத்துப் போடும்போது நம் பெண்கள் மனம் நோவார்கள். அந்தக் கழிவுதான் அவர்களைத் தொழிலாளி என்று நிரூபித்தது.

சட்டமும் தீர்ப்பும் இருந்தும் அந்த உம்மா எப்படி வெளியே நின்றார்? முதல் காரணம் புத்தகம். கடையில் இலையும் தூளும் தருவது புத்தகத்தின் பேரில். ஒரு வீட்டில் மூன்று பெண்கள் சுற்றினாலும் பல வீடுகளில் புத்தகம் ஒன்றுதான். இந்த உம்மா கல்யாணம் ஆகும்வரை தன் தாயார் புத்தகத்தில் சுற்றினார், பிறகு மாமியார் புத்தகத்தில். மாமியார் மவுத்தான பிறகு, ஐம்பதாவது வயதில்தான் தன் பெயரில் புத்தகமும் பி.எஃப். எண்ணும் கிடைத்தன. பென்ஷன் திட்டத்தில் 58 வயதோடு கணக்கு முடிகிறது. பென்ஷன் கிடைக்கப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். சுற்றியது நாற்பத்தொரு ஆண்டு, காகிதத்தில் இருப்பது எட்டு ஆண்டு. எட்டுக்கு ஒருமுறை தரும் ஒரு தொகை மட்டுமே உண்டு.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. சொந்த வீட்டில் குடும்பத்தாரோடு தானே தொழில் செய்பவர், வேறு முதலாளியின் தொழிலாளியாக இல்லாவிட்டால், அவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 1966 சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. நியாயமான விலக்குதான். ஆனால் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, கூலி என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இலையையும் தூளையும் பெண்ணுக்கு "விற்றதாக" ஒரு கணக்கு, சுற்றிய பீடியை அவரிடமிருந்து "வாங்கியதாக" இன்னொரு கணக்கு. வித்தியாசம் கையில் வரும். பழைய கூலிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் காகிதத்தில் அவர் தொழிலாளி இல்லை, வியாபாரி. வியாபாரிக்கு பி.எஃப். யார் கட்டுவார்கள்? உங்கள் வீட்டுக்கு வரும் சீட்டில் கூலி என்று எழுதியிருக்கிறதா, இலை விலை, பீடி விலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையென்றால் நீங்கள் வெளியே இருக்கிறீர்கள்.

பழியை முழுதும் கடைக்காரர் மேல் போட்டுவிட முடியாது. நம் வீடுகளிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. பீடித் தொழிலில் பி.எஃப். பிடித்தம் 10 சதவீதம். மாதக் கூலி 5,000 ரூபாய் என்றால் 500 ரூபாய் போகும். வாடகையும் பால் காசும் கொடுக்க வேண்டிய வீட்டில் அது கண்ணில் படுகிறது. முதலாளியும் 500 கட்டுகிறார், அதில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது என்பது கண்ணில் படுவதில்லை. இதே 5,000 ரூபாய்க் கூலிக்குப் பத்து ஆண்டு முடிந்தால், சூத்திரப்படி கூலியைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சுமார் 714 ரூபாய் வரும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்திருப்பதால் 58 வயதில் அந்த ஆயிரம் கிடைக்கும். பெரிய தொகை இல்லை. அதற்காகப் பத்து ஆண்டு காத்திருப்பதா என்று ஒரு சகோதரி என்னிடமே கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் நம்மிடம் மனுவோடு வருபவர்களுக்கு அந்த ஆயிரம் என்பது மாத மருந்துச் செலவு.

வெளியூர் ஆலைக்குப் போகலாமே என்றால், கைக்குழந்தையும் படுக்கையில் மாமனாரும் இருக்கிற வீட்டுப் பெண் எங்கே போவார்? வேறு வேலை இல்லாதவர் கடையில் உரத்துக் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த நாள் இலை குறையும் என்ற பயம். முன்பணம் வாங்கியிருந்தால் பயம் இன்னும் கூடும். மறுபக்கம், பீடி விற்பனை சரிந்து வரும் காலம் இது. செலவு கூடினால் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதும் வெறும் மிரட்டல் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு குழப்பம். "பீடி அட்டை இருக்கிறதே" என்று பலர் சொல்கிறார்கள். அது 1976-ல் வந்த நலநிதிச் சட்டத்தின் வழி கிடைக்கும் அடையாள அட்டை. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும், முக்கூடலில் உள்ளது போன்ற பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் அது உதவும். பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பென்ஷனுக்குத் தேவை யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண்ணும், மாதாமாதம் அதில் பணம் ஏறியிருப்பதும்தான். 

கல்யாணச் செலவுக்கு பி.எஃப். பணத்தை எடுக்கும் பெண்பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எஃப். பணத்தை எடுத்தாலும் பென்ஷன் பகுதியைச் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துபோகும். அதற்குப் பதில் "ஸ்கீம் சர்ட்டிபிகேட்" கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் வேறு கடையில் சேரும்போது பழைய ஆண்டுகளும் கணக்கில் வரும்.

அந்த உம்மாவுக்கு மாதாந்திர உதவியை நிர்வாகக் குழு அனுமதித்துவிட்டது. அவர் மகளும் பீடிதான் சுற்றுகிறார், வயது முப்பத்தாறு. புத்தகம் யார் பெயரில் என்று கேட்டேன். மாமியார் பெயரில் என்றார். தன் பெயரில் புத்தகம் கேட்டு அவர் எழுதிய மனுவோடு, நம் அலுவலகத்திலிருந்து ஒருவர் இந்த வாரம் கடைக்குப் போகிறார்.