நோட்டைக் கொடுத்தா வலிக்குது... போன்ல தட்டினா ஏன் வலிக்கல? ஆன்லைன் சூதாட்டத்தில் நடப்பது இதுதான்!

அதிராம்பட்டினத்தில் மீன் விற்றுவிட்டு வரும் ஒருவர் சீட்டாட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய் நோட்டுகள் போகப்போக மடியில் உள்ள கட்டு மெலிகிறது. பத்தாவது நோட்டை எடுக்கும்போது, "போதும்பா, வீட்டுக்கு அரிசி வாங்கணும்" என்று கை தயங்கும்.

அதே 500 ரூபாயை போனில் பத்து முறை போட்டால்? போனதும் அதே 5,000 தான். ஆனால் எந்தக் கட்டும் மெலிவதில்லை.

வலி எங்கே போச்சு?

காசு கைவிட்டுப் போகும்போது வரும் உறுத்தலை ஆய்வாளர்கள் 'செலவின் வலி' என்கிறார்கள். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கூடைப்பந்து டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிட, கிரெடிட் கார்டு தரப்பு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கேட்டது.

கார்டில் பணம் பிறகுதான் போகும், யுபிஐ-யில் உடனே போய்விடும். ஆனால் எண்ணிக் கொடுக்கும் வேலை இரண்டிலுமே இல்லை.

வாலட் என்னும் திரை

பணம் செயலியின் வாலட்டுக்குப் போனதும் அது வெறும் எண். ஜெயித்த தொகையும் அங்கேயே நிற்பதால், 'ஆட்டக் காசுதானே' என்று மறுபடியும் பந்தயம் கட்டத் தோன்றும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வாலட் இருப்பைப் பார்க்காதீங்க. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு மாதம் போட்டதைத் தனியாக, திரும்பி வந்ததைத் தனியாகக் கூட்டுங்க. வித்தியாசம்தான் நிஜக் கணக்கு.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்து தரவும் அதில் தடை உண்டு.